மூன்றாவது பத்தி

எனக்கு வந்த விண்ணப்பக் கடிதங்களில் பாதிப் பேர் கடலை நினைத்துச் சிலிர்த்திருந்தார்கள். பண்ருட்டியில் பலா மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன்கூட, கடல்சார் வாழ்வாதாரத்தின் நிலைத்த எதிர்காலத்தில் தனக்குத் தீராத வேட்கை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கள அலுவலர். கிள்ளைப் பக்கத்து இறால் குட்டைகளுக்கு வாரம் ஒருமுறை வண்டியில் போய், தண்ணீரைப் பார்த்து, இறாலைப் பார்த்து, எவ்வளவு தீவனம் போடலாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வேட்கை எதற்கு? சேற்றில் கால் வைக்கக் கூசாத ஆள் போதும்.

இறால் தீவனம் விற்கும் கம்பெனி எங்களுடையது. கடலூரில் அலுவலகம், சிதம்பரத்தில் கிடங்கு. ஆள் எடுப்பதும் அனுப்புவதும் என் பொறுப்பு. நானே மூட்டை தூக்க வந்து, குட்டை குட்டையாகச் சுற்றி, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு இந்த நாற்காலிக்கு வந்தவன். படிப்பு குறைவு. அதனாலோ என்னவோ, மனிதர்கள் பேசுகிற பேச்சு என்றால் எனக்கு உயிர். யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். "கம்பெனிக்காரன் கரையில வந்து நின்னாலே இறாலு அடியில போயி படுத்துக்குதுப்பா" என்று பிச்சாவரம் பக்கத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னது இன்றும் அதில் இருக்கிறது.

இப்படிப்பட்டவனிடம் அந்த ஆங்கிலக் கடிதங்கள் வந்தால் எப்படி இருக்கும்? காலையில் டீயோடு உட்காருவேன். முதல் வரி படிப்பேன். 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் தொலைநோக்கு என்னை ஈர்த்தது.' எங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு எனக்கே தெரியாது. இரண்டாவது வரி படிப்பேன். அதிலும் வேட்கை இருக்கும். அடுத்ததை எடுப்பேன். எல்லாம் ஒரே வாய் பேசியது போல இருந்தது. ஏ.ஐ. மெஷினிடம் சொல்லி எழுதி வாங்கியவை என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பொது மேலாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், சென்னையிலிருந்து வந்தவர். அவருக்கு வாசனை போதவில்லை, சான்று வேண்டியிருந்தது. ஒரு வலைத்தளத்தைக் காட்டினார். கடிதத்தை அதில் ஒட்டினால் ஒரு பட்டை தோன்றும். சிவப்பு வந்தால் மெஷின் எழுதியது, பச்சை வந்தால் மனிதர் எழுதியது. தேர்வுப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டமும் சேர்க்கச் சொன்னார்: கடிதம் விண்ணப்பதாரர் சொந்தமாக எழுதியதா? ஆம், இல்லை.

"லெட்டரே சொந்தமா எழுதத் தெரியாதவன் குட்டைக்குப் போயி என்ன பண்ணப் போறான் சார்? சிவப்பு வந்தா ரிஜெக்ட் பண்ணுங்க. சிம்பிள்."

அவருக்கு எல்லாமே சிம்பிள்தான். மூன்று வருடமாக எங்கள் கம்பெனியில் இருக்கிறார். குட்டைக்குப் போனது இரண்டே முறை. இரண்டு முறையும் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

நானும் ஒட்டினேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பளிச்சென்ற பச்சை. திருவதிகையைச் சேர்ந்த ஒரு பையனின் கடிதம். பையன் என்றால் இருபத்தாறு வயது. ஆங்கிலம் கொஞ்சம் நொண்டியது, இரண்டு இடத்தில் தப்பும் இருந்தது. சின்ன வயதில் ஊர்க் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டதாகவும், எந்த மீன் முதலில் வரும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்ததாகவும் எழுதியிருந்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இதோ ஒரு மனுஷன் என்று கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். சிவப்பு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று பதில் அனுப்பினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டது பச்சை ஒன்று, இரண்டும் கெட்டான் நிறத்தில் வந்தது மூன்று, ஆக நான்கு பேரை.

மறுநாள் மேசைத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல். கிள்ளையிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"சார், எனக்கு ஒரு மெயில் வந்துது. வேலை இல்லைன்னு. அத பத்தி ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"முடிவு எடுத்தாச்சும்மா. மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லல. படிக்கிறேன், கேளுங்க." தமிழ்க் குரலில் நிதானமாக அந்த ஆங்கிலத்தை வாசித்தாள். 'உங்கள் தனித்துவமான பயணம் எங்களை ஆழமாகக் கவர்ந்தது. உங்கள் கடிதத்தை முழுமையாகவும் கவனமாகவும் பரிசீலித்த பின்னர்.' அங்கே நிறுத்தினாள். "இத நீங்க எழுதுனீங்களா, மெஷின் எழுதுச்சா?"

ஆங்கிலத்தில் மரியாதையாக 'இல்லை' என்று சொல்ல எனக்கு வராது. அந்த மெயிலை மெஷினிடம் கேட்டுத்தான் வாங்கியிருந்தேன். ஒரே மெயிலை எல்லோருக்கும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தேன்.

"முழுசா படிச்சேன்னு போட்டிருக்கீங்க. நல்லது. என் லெட்டர்ல மூணாவது பத்தியில என்ன எழுதியிருந்தேன், சொல்லுங்க பார்ப்போம்."

மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன். "மொத்தம் நிறைய லெட்டரும்மா" என்றேன்.

"சரி சார். நான் வேலை பாக்குற தண்ணி டெஸ்ட் லேபை இந்த மாசத்தோட மூடுறாங்க. நெல்லூர் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கிற ஒரு ஹேட்சரியில கூப்பிடுறாங்க, போயிருவேன். எங்கப்பாவுக்கு ஒரு கண்ணு தெரியாது, எங்க குட்டைய பாக்க ஆளில்ல. அதான் இங்கயே கிடைச்சா தேவலாம்னு போட்டேன். அதுக்காகக் கெஞ்ச போன் பண்ணல. ஜாஸ்தி நேரம் எடுத்துக்கிட்டேன், வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி ஆறுதல் அடைந்திருப்பேன். கடைக்காரன் எடையில் கை வைக்கும்போது பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போகும் ஆள் போல இருந்தது அந்தக் குரல்.

அவள் கடிதத்தைத் தேடி எடுத்தேன். முதல் பத்தி மற்றவர்களுடையதைப் போலவே வழவழவென்றிருந்தது. இரண்டாவது பத்தியில் விலங்கியல் படிப்பு, லேப் வேலை. மூன்றாவது பத்தியின் சாரம் இதுதான்:

'அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் தோல் உரிக்கும். அப்போது சாப்பாடு குறையும், செக் ட்ரேயில் தீவனம் மிஞ்சும். போன வருடம் எங்கள் குட்டையில் அப்படி மிஞ்சியபோது, உங்கள் கம்பெனி ஆள் அதைப் பார்க்காமலேயே தீவனத்தைக் கூட்டச் சொன்னார். என் அப்பா கூட்டினார். போட்டது அடியில் தங்கி அழுகியது, அடி மண் கறுத்தது, இறால் செத்தது. உங்கள் தீவனத்தில் குறை இல்லை. சொன்னவர் தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய ஆள் வேண்டும் என்பதால் விண்ணப்பிக்கிறேன்.'

செக் ட்ரே என்பது வேறொன்றுமில்லை, வலை கட்டிய ஒரு தட்டு. அதில் கொஞ்சம் தீவனம் வைத்து குட்டைக்குள் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் இறாலுக்குப் பசி இல்லை என்று அர்த்தம். தீவனக் கம்பெனி ஆள் அதைத் தூக்கிப் பார்ப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறான். வேலை கேட்கும் கம்பெனியின் குற்றத்தையே கடிதத்தில் எழுத எந்த மெஷினுக்கும் தானாகத் தோன்றாது. அது சோப்புப் போடத்தான் பழகியிருக்கிறது. இதற்கும் பட்டை சிவப்பாக வந்திருந்தது. நான் இரண்டு வரி படித்திருந்தேன். பட்டை ஒரு வரியும் படித்திருக்கவில்லை, வார்த்தைகள் எவ்வளவு வழக்கமான வரிசையில் நிற்கின்றன என்று கணக்குப் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. இந்தக் கம்பெனியில் சேர நான் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் என் கோப்பில் இருந்தது. அப்போது இந்த மெஷினெல்லாம் கிடையாது. கடலூரில் ஒரு டைப்பிங் சென்டர் அம்மா, மாதா கோயிலுக்குப் போகும் அவசரத்தில், வழக்கமான 'தங்கள் விளம்பரத்தைக் கண்டு' பாணியில் தட்டிக் கொடுத்தது. அதை அப்படியே டைப் செய்து ஒட்டினேன். ரத்தச் சிவப்பு. மெஷின் பிறப்பதற்கு முன்பே நான் மெஷினாக இருந்திருக்கிறேன்.

அடுத்து எங்கள் வேலை விளம்பரத்தை எடுத்தேன். 'நிலைத்த கடல்சார் வாழ்வாதாரத்தில் வேட்கை கொண்டவர்கள் வரவேற்கப்படுகிறார்கள்.' அதை எழுதியதும் நான்தான், அதாவது நான் சொல்லி மெஷின். விண்ணப்பித்தவர்கள் எங்கள் விளம்பரத்தை எடுத்துத் தங்கள் மெஷினிடம் போட்டு இதற்கேற்ப ஒரு கடிதம் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். அது எங்கள் வேட்கையையே எங்களுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் மெஷின் பேசிக்கொண்டிருக்க, நடுவில் நான் டீயோடு உட்கார்ந்து வாசனை பிடித்திருக்கிறேன். பலா மரத்துக்காரனை ஏளனம் செய்தேன் அல்லவா, வேட்கையை அவனுக்கு ஒட்டவைத்தவனே நான்தான்.

அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். நேர்காணலுக்கு வரச் சொன்னேன்.

"பத்தியைப் படிச்சீங்களா சார்?"

"படிச்சேம்மா."

"சரி, வரேன்" என்றாள். நன்றி சொல்லவில்லை.

நேர்காணல் சிதம்பரம் கிடங்கில் நடந்தது, அண்ணாமலை நகருக்குப் போகும் வழியில். மீன் தூள் வாடை மூக்கில் ஏறினால் மூன்று நாள் போகாத இடம். மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, பொது மேலாளர், நான். மேலாளர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் பக்கத்துப் பெண்ணைக் கட்டியவர், என்னை மாமா என்பார். வாசலில் நின்று ஒவ்வொருவராக அனுப்பினார். மூன்றாவது ஆள் போனதும் என் காதருகே குனிந்தார்.

"மாமா, வெளிய நிக்கும்போது எல்லாம் நல்லாத்தான் பேசிக்கிட்டிருக்கானுவ. உள்ள வந்து ஒக்காந்தா ஒரே டைலாக்கை ஒப்பிக்கிறானுவ. உள்ள எதனா போட்டு வச்சிருக்கீங்களா?"

பச்சைப் பட்டைக்காரன் வந்தான். திருவதிகை. நல்ல சிரிப்பு, இஸ்திரி போட்ட சட்டை. எனக்கு இன்னும் அவன்மேல் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. குளத்து மீனைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த மீனுப்பா முதல்ல வரும்?"

விழித்தான். "எந்த மீன் சார்?"

"பொரி போட்டேன்னு எழுதியிருந்தியே."

முகத்தில் வெட்கம் பரவியது. அதில் வஞ்சகம் இல்லை, அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அது நான் இல்ல சார். நீங்க செக் பண்ணுவீங்கன்னு ஃபிரெண்டு சொன்னான். அதான், சாதாரண ஆளு எழுதற மாரி எழுது, ரெண்டு தப்பு விடு, சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு சேர்த்துக்கோன்னு மெஷின்ல போட்டேன். அதுவே பொரிய போட்டுச்சு. நான் குளத்துப் பக்கம் போனா மொபைலத்தான் சார் பார்ப்பேன்."

வாசலில் கிடங்குக்காரர் சிரிப்பை அடக்க மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாசனை ஞானம் அந்த மீன் தூளோடு கலந்து போனது.

கடைசியாக அவள் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் பிளாஸ்டிக் கோப்பு, காலில் உப்புக் கறை படிந்த செருப்பு. மேலாளர் கைக்குட்டையை இறக்காமலேயே கேட்டார்.

"இந்த லெட்டர் நீங்களே எழுதினதா?"

"தமிழ்ல நான் சொன்னேன் சார். போன் அதை இங்கிலீஷ்ல கொடுத்துது. நாலு தடவை படிச்சுப் பார்த்தேன். அஞ்சு வருஷ அனுபவம்னு அதுவா சேர்த்திருந்துது, எனக்கு ரெண்டு வருஷந்தான், அடிச்சேன். உங்க கம்பெனியில சேர்றது என் வாழ்நாள் கனவுன்னு போட்டிருந்துது, அதையும் அடிச்சேன்."

"அப்ப உங்க சொந்த ரைட்டிங் இல்ல."

"விஷயம் என்னுது. இங்கிலீஷ் அதோடது. லெட்டர் இங்கிலீஷ்ல வேணும்னு நீங்கதானே போட்டீங்க. குட்டையில யாரு சார் இங்கிலீஷ் பேசுறாங்க?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் ஒன்றைத் தட்டிவிட்டது. எங்கள் கள அலுவலர்கள் யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. ஒவ்வொரு குட்டைக் கொட்டகையிலும் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். அலுவலர் வந்து பார்த்துவிட்டு அதில் நாலு வரி எழுதி வைப்பார். குட்டைக்காரர் இல்லாத நேரத்தில் வந்தாலும் அந்த நாலு வரியை நம்பித்தான் அடுத்த வாரம் தீவனம் போடுவார்கள். இந்த வேலையில் எழுத்து என்றால் அது ஒன்றுதான். அதை எழுதிக் காட்டச் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கட்டம் போட்டோம், பட்டை பார்த்தோம்.

நான்கு பேரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டேன். அவளோடு சேர்த்து ஐந்து தாள். போன்களை வாங்கி மூட்டைமேல் வைத்தோம்.

"காலையில போறீங்க. தட்டைத் தூக்கறீங்க. தீவனம் மிச்சம் கிடக்கு. நேத்து அமாவாசை. குட்டைக்காரர் ஊர்ல இல்ல. நோட்டுல எழுதி வைங்க."

ஒருவன் வணக்கம், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி அங்கேயே பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பொரிக்காரன், தீவனத்தைக் கூட்டவும் என்று எழுதினான். மற்ற இருவர் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். அவள் எழுதியது என் டைரியின் பின்பக்கத்தில் இப்போதும் இருக்கிறது:

'தட்டுல மிச்சம் இருக்கு. தோல் உரிக்குது, பயப்பட வேண்டாம். ரெண்டு நாளைக்குப் பாதி தீவனம் போதும். காத்தடிக்கிற ஏரேட்டரை நிறுத்தாதீங்க. நாளன்னிக்கு வந்து தட்டைப் பார்த்துட்டுக் கூட்டலாமான்னு சொல்றேன்.'

மேலாளர் அதைப் படித்தார். கைக்குட்டை முதல் முறையாகக் கீழே இறங்கியது.

"பாதி தீவனமா? நம்ம ஆளே போயி பாதி போடுன்னு சொன்னா, நம்ம தீவனம் எப்படி சார் போகும்?"

வெளியே ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் தன் கோப்பை மூடினாள், மெதுவாக.

"வேணாம் சார்" என்றார் மேலாளர், என்னிடம். "லெட்டர் மெஷின் எழுதினதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. கட்டத்துல இல்லைன்னு டிக் பண்ணிடுங்க. சிம்பிள்."

சிவப்புப் பட்டை எதற்குப் பயன்படும் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பிடிக்காத ஆளைக் கழிக்கக் காரணம் சொல்ல முடியாதபோது கையில் எடுத்துக்கொள்ளத்தான். பொரிக்காரனைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தீவனத்தைக் கூட்டச் சொன்ன பையன் அவருக்கு நல்ல பையன். இந்த மனிதருக்குக் கீழே இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டிருந்த என்மேலும் எனக்கு அதே அளவு அருவருப்பு வந்தது.

"சார், செத்த இறாலு தீவனம் திங்காது" என்றேன். "அவுங்க அப்பா குட்டையில நம்ம ஆளு கூட்டச் சொல்லிக் கெடுத்தாரு. அதுக்கப்புறம் கிள்ளையில எத்தனை பேரு நம்மகிட்டேருந்து வேற கம்பெனிக்குப் போனாங்கன்னு கிடங்குக்காரரைக் கேளுங்க."

கேட்காமலேயே கிடங்குக்காரர் வாசலிலிருந்து சொன்னார். "எங்கிட்ட வர்றவங்க கம்மியாயிட்டாங்க சார். எதிர்க் கடைக்குப் போறப்ப எனக்குக் கைய ஆட்டிட்டுப் போறாங்க."

மேலாளர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்களே ஃபில் பண்ணி சைன் பண்ணுங்க. நாளைக்கு எதனா ஆச்சுன்னா பொறுப்பு உங்களுது." எழுந்து காருக்குப் போய்விட்டார். நியாயத்தைக் கண்டு இறங்கிய ஆள் இல்லை அவர். வாடை தாங்காமல் எழுந்த ஆள்.

அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். சொந்தமாக எழுதியதா? ஆம், இல்லை. நடுவில் எதுவும் எழுத இடமில்லை. டைப்பிங் சென்டர் அம்மா தட்டிக் கொடுத்த கடிதத்தில் நான் சேர்ந்தபோது என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் என்னுடையது என்று ஒரு வரிகூட இல்லை. இவள் கடிதத்தில் செத்த இறால் இவளுடையது. ஆம் என்பதில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் எழுதுறீங்களா சார்?"

"இல்லம்மா. கேள்விதான் மட்டமான கேள்வி."

நியமனக் கடிதம் அனுப்பும் நாள் வந்தது. பழக்க தோஷத்தில் மெஷினைத் திறந்துவிட்டேன். 'எங்கள் துடிப்பான குடும்பத்துக்கு உங்களை வரவேற்பதில் பேருவகை' என்று அது ஆரம்பித்ததும் மூடினேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தமிழில், கையால் எழுதினேன். சேர வேண்டிய நாள், போக வேண்டிய குட்டைகள், வண்டி கம்பெனி தரும், தட்டைத் தூக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. ஐந்தாறு வரிதான். பாதி மதியம் போனது. மூன்று தாள் கசங்கின. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"வந்துச்சு சார். ஒண்ணாந் தேதி சேந்துடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "முழுசா படிச்சேன்."